ரயிலில் பேஜ்மேக்கர்: விரல், மவுஸ், பாமினி

அச்சுக்குப் பக்கம் அடுக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் டேப்லெட்டில் ஓடாது. இனி ஓடவும் போவதில்லை. 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு. ஆனாலும் எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை, பங்குத் திருவிழா அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், நினைவு அட்டை என்று எதை எடுத்தாலும் பழைய கோப்பு பேஜ்மேக்கரில்தான் இருக்கும், எழுத்துரு பாமினியாகத்தான் இருக்கும். போன வருடத்துக் கொடை நோட்டீஸில் தேதியையும் நன்கொடையாளர் பெயரையும் மாற்றினால் இந்த வருடத்து நோட்டீஸ் தயார். அதைப் புதிய மென்பொருளில் முதலிலிருந்து அடுக்க யாரும் காசு தர மாட்டார்கள்.

எனக்குப் பகலில் திருவனந்தபுரத்தில் அலுவலக வேலை. வீடு இரணியல் பக்கம். டிடிபி வேலை வீட்டுக் கணினியில். போகவர ரயிலில் உட்காரும் நேரத்தை வீணாக்காமல் இருக்க, டேப்லெட்டிலிருந்து வீட்டுக் கணினியை இயக்கப் பழகினேன். "படம் தெரிகிறது, தொட்டால் வேலை செய்கிறது" என்பது வரை யாருக்கும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் சங்கடம்: இழுத்தால் நகராது, தமிழ் அடித்தால் ஆங்கிலம் வரும், திடீரென்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மெனு திறக்கும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டே இரண்டு இடங்களில் இருக்கிறது. விரலை மவுஸாக மாற்றும் இடம் ஒன்று. விசையை அங்கே கொண்டு சேர்க்கும் இடம் இன்னொன்று.

முதலில் எந்த மென்பொருள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வேகமானது, படமும் துல்லியம். ஆனால் இயக்கப்படும் கணினியில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும், ஹோம் பதிப்பு ஏற்காது. அதைவிட எனக்குப் பொருந்தாத விஷயம், வெளியிலிருந்து நான் நுழைந்ததும் வீட்டில் இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். எனக்கோ வீட்டுத் திரையும் தெரிய வேண்டும். பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட கட்டன் சாயாவோடு கணினி முன் உட்கார்ந்து திருத்தம் சொல்வார்; நான் பாறசாலையைத் தாண்டிக்கொண்டிருப்பேன். "மக்களே, மாப்பிளைக்க பேருக்கு முன்னால இனிஷியலு விட்டுப்போச்சு" என்று போனில் சொல்லுவார். நான் டேப்லெட்டில் திருத்துவேன். "இது என்னது, அம்பு தானாட்டு ஓடுது!" என்று அம்மாவிடம் சொல்வது போனில் எனக்கும் கேட்கும். இப்படி இரண்டு பக்கமும் ஒரே திரை தெரிய குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவைதான் சரி. மொபைல் டேட்டாவிலும், பொது ஐபி முகவரி தராத பிராட்பேண்டிலும் ரவுட்டரைத் தொடாமலே அது வேலை செய்யும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பை வெளியிலிருந்து பிடிப்பதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சிலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள்; திறந்த கதவைத் தேடித் தட்டும் நிரல்கள் இணையம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கின்றன.

சரி, விரலுக்கு வருவோம்.

என்னுடைய டேப்லெட் 10.4 அங்குலம். கிடைமட்டமாக வைத்தால் திரை அகலம் ஏறத்தாழ 22.6 செ.மீ. வீட்டு மானிட்டரின் அகலம் 1920 பிக்சல். அந்த 1920-உம் இந்த 22.6 செ.மீ.க்குள் அடங்கினால் ஒரு பிக்சலுக்கு 0.12 மி.மீ. கூட வராது. எக்செல்லில் ஒரு வரிசையின் உயரம் வழக்கமாக 20 பிக்சல். டேப்லெட்டில் அது 2.4 மி.மீ. பேஜ்மேக்கரில் ஓர் உரைக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மூலைகளில் வரும் பிடிகள் அதைவிடச் சின்னவை, ஒரு மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். விரல்நுனி கண்ணாடியில் படியும் இடமோ ஏழெட்டு மி.மீ. அகலம். குறி வைப்பது கிடக்கட்டும், குறியே விரலுக்கு அடியில் மறைந்துவிடும்.

இதனால்தான் இந்தச் செயலிகள் எல்லாவற்றிலும் தொடுகைக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று நேரடித் தொடுகை: எங்கே தொடுகிறோமோ அங்கே கிளிக். இன்னொன்று டிராக்பேட் முறை: திரை முழுவதும் ஒரு மடிக்கணினியின் டிராக்பேட் போல ஆகிவிடும், விரல் எங்கே இருந்தாலும் கவலையில்லை, அது நகரும் திசையில் அம்பு நகரும், தட்டினால் அம்பு நிற்கும் இடத்தில் கிளிக் விழும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் நேரடித் தொடுகையைத்தான் விரும்புவார்கள், பழகிய டேப்லெட் மாதிரி இருக்கிறது என்று. யூடியூபை நிறுத்த, படங்களைப் புரட்ட அது போதும். நுணுக்கமான வேலைக்கு டிராக்பேட் முறை ஒன்றே வழி. முதலில் கை தடுமாறும். அப்புறம் அதை விட்டு வெளியே வர மனம் வராது.

இரண்டு முறைகளிலும் ஒரே சைகைக்கு வேறு வேறு பொருள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில், டிராக்பேட் முறையில் விரலை அழுத்திப் பிடித்து இழுத்தால் பொருள் இழுபடும். நேரடித் தொடுகையில் அதே அழுத்திப் பிடித்தல் வலது கிளிக் ஆகிவிடும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் செயலியின் அம்பு முறையில் இழுப்பதற்கு வேறு பழக்கம் வேண்டும்: இரட்டைத் தட்டு தட்டி, இரண்டாம் தட்டில் விரலை எடுக்காமல் அப்படியே நகர்த்த வேண்டும். அதனால் "இழுக்க முடியவில்லை, மெனு வருகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதுதான். பாதிப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும்.

டிராக்பேட் முறையில் வலது கிளிக்குக்கு இரண்டு விரல் தட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் படிந்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். ரயில் ஆட்டத்தில் ஒரு விரல் சற்று வழுக்கினால் அதை உருட்டல் என்றோ பெரிதாக்கல் என்றோ செயலி எடுத்துக்கொள்ளும். வலது கிளிக் வராமல் பக்கம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் நடந்தது இதுதான். மூன்று விரல் தட்டு நடு பொத்தான். ஆனால் மூன்று விரலை ஸ்கிரீன்ஷாட் எடுக்க என்று பிடித்து வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு சாதனங்கள் நிறைய உண்டு. அங்கே டேப்லெட்டின் சைகையை அணைத்தால்தான் செயலிக்கு அது போய்ச் சேரும்.

டேப்லெட்டும் செயலியும் ஒரே விரலுக்குப் போட்டி போடும் இடங்களில் மிக மோசமானது திரையின் ஓரம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து, ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் "பின்செல்" என்று பொருள். பேஜ்மேக்கரில் வழிகாட்டிக் கோடு வேண்டுமானால் என்ன செய்வோம்? இடது ஓரத்து அளவுகோலிலிருந்து உள்ளே இழுப்போம். நேரடித் தொடுகையில் இந்த இரண்டும் அச்சு அசலாக ஒரே அசைவு. கோடு வராது, செயலி வெளியே போகப் பார்க்கும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்கவா என்று கேட்கும். விண்டோஸின் டாஸ்க்பார் கீழ் ஓரத்தில் இருப்பதால் அங்கேயும் இதே கதை. டேப்லெட் அமைப்பில் சைகை வழிச்செலுத்தலை மாற்றி, பழைய மூன்று பொத்தான் முறைக்குப் போவது ஒரு தீர்வு. டிராக்பேட் முறையில் அதுகூட வேண்டாம். விரல் திரை நடுவிலேயே நகர, அம்பு மட்டும் ஓரத்துக்குப் போய் அளவுகோலைப் பிடிக்கும்.

புளூடூத் மவுஸ் வாங்கினால் இதெல்லாம் தீருமே என்பார்கள். தீரும், பாதி. டேப்லெட்டுக்கே ஓர் அம்பு உண்டு; அது உடனே நகரும். வீட்டுக் கணினியின் அம்பு படத்தோடு சேர்ந்து வருவதால் சற்று பின்தங்கி வரும். இரண்டு அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் காட்சி அப்படி உண்டாவதுதான். செயலி டேப்லெட்டின் அம்பை மறைத்து மவுஸைத் தன்வசம் எடுத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. எடுத்துக்கொள்ளாத செயலியில், டேப்லெட்டின் அம்பு இருக்கும் இடம்தான் கிளிக் விழும் இடம், அதையே நம்ப வேண்டும். சில டேப்லெட்டுகளில் மவுஸின் வலது பொத்தானும் "பின்செல்" ஆகப் போய்விடுகிறது. கூட்டமான பெட்டியில் மவுஸ் வைக்க இடம் எங்கே என்பது வேறு கேள்வி. நான் மவுஸை விட்டுவிட்டேன். விரல் டிராக்பேடும் ஒரு சின்ன புளூடூத் கீபோர்டும் எனக்குப் போதும். உரைக் கட்டத்தைத் துல்லியமாக நகர்த்த இழுப்பதே இல்லை. தேர்ந்தெடுத்துவிட்டு அம்புக்குறி விசைகளைத் தட்டினால், தட்டுக்குக் கொஞ்சம் என்று நகரும்.

இனி கீபோர்டு. தமிழில் வேலை செய்பவருக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

வீட்டுக் கணினிக்கு ஓர் எழுத்தை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. "இந்த இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது" என்று சொல்வது ஒன்று. "இந்த எழுத்தை அங்கே போடு" என்று சொல்வது இன்னொன்று. திரையில் தோன்றும் தொடு கீபோர்டில் தட்டினால், நாம் கண்ணால் பார்த்த எழுத்தே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செயலிகள் பொதுவாக எழுத்தை அனுப்புகின்றன. புளூடூத் கீபோர்டில் அடித்தால், அது வீட்டுக் கணினியிலேயே சொருகியிருப்பது போல விசையை அனுப்புகின்றன.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழில் உடனே தெரியும். தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருள் ஆகட்டும், 2019-இல் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்போடு வந்த தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் ஆகட்டும், எல்லாமே விசையைப் பார்த்துத்தான் தமிழாக மாற்றுகின்றன. எழுத்தாக வந்து இறங்கும் ஒன்றை அவை தொடுவதில்லை. விண்டோஸின் உள்ளே அப்படி வருபவற்றுக்கு `VK_PACKET` என்ற பொதுவான ஒரே குறியீடுதான். அதை வைத்து எந்த விசை என்று சொல்லவே முடியாது. அதனால் வீட்டுக் கணினியில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, டேப்லெட்டின் தொடு கீபோர்டில் எவ்வளவு அடித்தாலும் ஆங்கிலமே வரும். மென்பொருளை நீக்கித் திரும்ப நிறுவியும் பலனில்லை, கெட்டுப்போனது எதுவுமில்லை.

எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டுக் கணினியில் நோட்பேடைத் திறந்து தமிழ்99-க்கு மாற்றுங்கள். டேப்லெட்டிலிருந்து `a` அடியுங்கள். அ வந்தால் விசை போகிறது. a என்றே வந்தால் எழுத்து போகிறது. அப்புறம் `h` அடித்து க வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடு கீபோர்டுதான் கையில் இருக்கிறது என்றால், மாற்றும் வேலையை டேப்லெட்டிலேயே முடித்துவிடலாம்: டேப்லெட்டில் தமிழ் கீபோர்டை வைத்துக்கொண்டு, வீட்டுக் கணினியை ஆங்கிலத்தில் விட்டுவிடுவது. யூனிகோட் எழுத்து நேராகப் போய் இறங்கும். வேர்டில், பிரவுசரில், மின்னஞ்சலில் அழகாக வரும். பேஜ்மேக்கருக்கு மட்டும் இது உதவாது. அது யூனிகோட் அறியாத காலத்து மென்பொருள். தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியாகக் கொட்டும்.

வேடிக்கை என்னவென்றால், பாமினி இந்த எல்லாச் சண்டைக்கும் வெளியே நிற்கிறது. பாமினியைப் பொறுத்தவரை தமிழ் எழுத்து என்று எதுவும் கோப்பில் இல்லை; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மா, தமிழ், அருள் ஆகிய மூன்றையும் பாமினியில் அடிக்க வேண்டிய விசைகள் இவை:

```
mk;kh
jkpo;
mUs;
```

இவை வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான் என்பதால், எழுத்தாக அனுப்பினாலும் விசையாக அனுப்பினாலும் பேஜ்மேக்கரில் சரியாக வந்து விழும். புதிய முறைகள் இடறும் இடத்தில் பழைய பாமினி தாராளமாக நடந்து போகிறது. அதற்காக யூனிகோடைக் குறை சொல்ல மாட்டேன். தேட முடியாத, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் குப்பையாகும் கோப்புகளை நாள் முழுக்கக் கையாள்பவன் நான்.

பாமினிக்குத் தொடு கீபோர்டில் ஓர் எதிரி உண்டு. முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி. பாமினியில் `m` என்றால் அ, `M` என்றால் ஆ. பெயருக்கு முன் இனிஷியல், அதன் பின் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு அருள் என்று அடிக்கிறோம். புள்ளியைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்தது என்று கீபோர்டு முடிவு கட்டி `M` போட்டுவிட்டால் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் "ஆருள்". நல்ல ரிமோட் செயலிகள் இந்த வசதியைத் தடுத்துவிடும், ஆனால் எல்லா கீபோர்டுகளும் அந்தத் தடையை மதிப்பதில்லை. சொற்களைத் தானே திருத்துவது, இரண்டு இடைவெளியைப் புள்ளியாக்குவது ஆகியவையும் இதே ரகம். கீபோர்டு அமைப்பில் மூன்றையும் அணைத்துவிட்டு உட்காருவது நல்லது. பெயர் தவறினால் கல்யாண வீட்டில் யாரும் ஆண்ட்ராய்டைத் திட்ட மாட்டார்கள்.

புளூடூத் கீபோர்டுக்கு வேறு விதமான நோய். ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் வீட்டுக் கணினியில் ஜன்னல் மாற வேண்டும். நடப்பது வேறு. ஆல்ட் அழுத்தியது வீட்டுக்குப் போய்விடும். டேப் வந்ததும் டேப்லெட் குறுக்கே புகுந்து தன் செயலிகளின் பட்டியலைக் காட்டும். ஆல்ட்டை விட்ட செய்தி அந்தப் பட்டியலுக்குப் போகும், வீட்டுக்குப் போகாது. வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை ஆல்ட் இன்னும் அழுந்தியபடியே இருக்கிறது. அப்புறம் எந்த எழுத்தை அடித்தாலும் மெனு திறக்கும். இதே போல கண்ட்ரோல் மாட்டிக்கொண்டால் உருட்டும்போது பக்கம் நகராமல் பெரிதாகும், சிறிதாகும். கணினியை மூடித் திறக்கத் தேவையில்லை. மாட்டிக்கொண்ட விசையை ஒரு தடவை தனியாக அழுத்தி விட்டால், விட்ட செய்தி போய்ச் சேர்ந்து எல்லாம் சரியாகும். ஜன்னல் மாற்ற டாஸ்க்பாரைக் கிளிக் செய்வதே பாதுகாப்பு. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் இதற்கென்றே ஆல்ட் + பேஜ் அப் வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் + ஆல்ட் + டெலீட்டுக்குப் பதில் அங்கே கண்ட்ரோல் + ஆல்ட் + எண்ட்.

இரணியலுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் சிக்னல் வரும், போகும். படம் உறைந்து நிற்கும்போது, பதில் இல்லையே என்று எதையும் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. அழுத்தியவை தொலைவதில்லை, வரிசையில் நிற்கும். சிக்னல் வந்ததும் மொத்தமாகப் போய் இறங்கும். டெலீட்டை நான்கு முறை தட்டினால் நான்கு எழுத்து போகும். படம் உறைந்ததா என்று பார்க்க அம்பை மட்டும் நகர்த்திப் பார்ப்பது வழக்கம், அதனால் ஒன்றும் கெடாது. பேஜ்மேக்கர் 7-இல் ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றைச் செய்தால் முதலாவதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

வீட்டுப் பக்கம் இரண்டு அமைப்புகள் வேண்டும். கணினி தூங்கப் போகக் கூடாது. தூங்கும் கணினியோடு இணைய முடியாது. மின்தடைக்குப் பிறகு தானாக எழ வேண்டும். இதற்கு பயாஸில் `Restore on AC Power Loss` அல்லது அதை ஒத்த பெயரில் ஒரு வரி இருக்கும், அதை `Power On` என்று வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போய் வரும் நாளில், கணினிப் பொத்தானை அழுத்த அம்மாவைக் கூப்பிடாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

டேப்லெட்டில் பார்த்து நான் தீர்மானிக்காதவை இரண்டு: நிறமும் மெல்லிய கோடும். திரை ஒரு வீடியோ போலச் சுருக்கப்பட்டு வருகிறது. அந்தச் சுருக்கத்தில் வெளிச்ச விவரம் ஏறத்தாழ முழுதாக இருக்கும், நிற விவரம் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைக்கப்பட்டிருக்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பில் இருக்கும் சின்ன பாமினி எழுத்து கசிந்தது போலத் தெரிவது அதனால்தான். கோப்பில் அது தெளிவாகவே இருக்கும். ஆகவே நிறத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, அந்தக் கோப்பை டேப்லெட்டுக்கு இறக்கித் தனியாகத் திறந்து பார்க்கிறேன். அதையே வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுகிறேன். அவர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் அச்சகத்துக்குப் போகும்.